நாலு வந்தது, மூணு போனது

பத்திரிகை ஒன்றின் படப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். வரும் படம் அசலா, பழசா, ஒட்டு வேலையா என்று பார்ப்பதுதான் பாதி நேரம். ஆனால் போன ஐப்பசி மழையில் எங்கள் குடும்பக் குரூப்பில் வந்த ஒரு படத்தை என்னைவிட முந்திக்கொண்டு பிடித்தவர் அப்பா. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போட்டோவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, கட்டைவிரலைக் கேமரா மேல் வைக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

படம் இதுதான். மார்பளவு வெள்ளம். நடுவில் ஒரு மின்கம்பம். அதில் பாதி ஏறி, நனைந்த சட்டையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் ஒரு இளைஞர். பின்னால் கறுத்த வானம். கீழே, ‘ஊரே தூங்கும்போது நமக்காக விழித்திருக்கும் இவருக்கு ஒரு சல்யூட், ஷேர் பண்ணுங்க’. ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை. போட்டவர் மாமா.

அப்பா மறுநாள் காலையில் அனுப்பிய பதிலை அப்படியே தருகிறேன்:

“மாப்ளே, படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். இது பெரும்பாலும் கம்ப்யூட்டர்ல உண்டாக்கின படம். கம்பத்துக்கு இடது பக்கம் நாலு கம்பி வருது. வலது பக்கம் மூணுதான் போகுது. நாலாவது கம்பி கம்பத்துக்குப் பின்னாடி போய்க் காணாமப் போகுது. அந்தக் கம்பி அங்கேயே முடியுதுன்னா அதை இழுத்துக் கட்ட இன்சுலேட்டர் இருக்கணும். இல்ல. மத்த மூணும் இன்சுலேட்டர் மேல உக்காரல, பக்கத்துல மிதக்குது. தண்ணியில கம்பத்தோட நிழலும் இல்ல. கையில கிளவுஸ் இல்லையேன்னு நான் சொல்ல மாட்டேன், நாங்களே போடாம ஏறியிருக்கோம். பெரும்பாலும்னுதான் சொல்றேன். எந்த ஊரு, எந்தக் கம்பம்னு யாராவது சொன்னா மாத்திக்கிறேன்.”

மாமாவின் பதில் உடனே வந்தது: “அத்தான், விரலெல்லாம் அஞ்சுதானே இருக்கு?”

விரல் எண்ணும் பழக்கம் 2023 வாக்கில் பரவியது. செயற்கை நுண்ணறிவால் படம் உண்டாக்கும் அப்போதைய கருவிகள் நிஜமாகவே ஆறு விரல், ஏழு விரல் போட்டுக்கொண்டிருந்தன. இப்போது பெரும்பாலும் கை சரியாகவே வருகிறது. விரல் சரியாக இருப்பதால் படம் உண்மை என்று ஆகாது.

அப்பாவின் மெசேஜில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த கிளவுஸ் வரி. எங்கள் மேஜையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கவே மாதக்கணக்கில் ஆகும். “இப்படி யாராவது செய்வாங்களா?” என்பது ஒரு கேள்வி. “இப்படி ஒரு பொருள் இருக்க முடியுமா?” என்பது வேறு கேள்வி. மனிதர்கள் செய்யக் கூடாததை எல்லாம் செய்கிறார்கள். கிளவுஸ் இல்லாமல் ஏறுகிறார்கள், வெள்ளத்தில் செல்ஃபி எடுக்கிறார்கள். அதை வைத்துப் படத்தைப் பொய் என்று சொன்னால் நிறைய உண்மைப் படங்களைக் குப்பையில் போட வேண்டியிருக்கும். ஆனால் இழுத்துக் கட்டிய கம்பி எதிலும் கட்டப்படாமல் காற்றில் முடியாது.

கம்பி ஏன் காணாமல் போகிறது? இந்தக் கருவிகள் வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குழப்பத்தை நீக்கிப் படமாக்குகின்றன. கம்பம் எப்படித் தோன்றும், வானத்துக்கு எதிரே கம்பி எப்படித் தோன்றும் என்று எக்கச்சக்கமான படங்களிலிருந்து கற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் இடது பக்கம் மறைந்த கம்பிதான் வலது பக்கம் வெளியே வர வேண்டும் என்ற கணக்கை யாரும் தனியாக எழுதிவைக்கவில்லை. வலது பக்கம் கம்பி மாதிரி ஏதோ இருந்தால் அதற்குப் போதும். அதனால் நான் முகத்தைப் பார்ப்பதைவிட, ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் போய் வெளியே வரும் இடங்களைத்தான் பார்ப்பேன். வேலிக் கம்பி, நாற்காலிக் கால், பையின் வார், சைக்கிள் ஸ்போக்ஸ். 2023 மே 22 அன்று அமெரிக்காவின் பென்டகன் அருகே வெடிவிபத்து என்று ஒரு படம் பரவி, அங்கே பங்குச் சந்தையே கொஞ்ச நேரம் சறுக்கியது. அதிலும் முன்னால் இருந்த வேலியின் கம்பிகள் நடைபாதையோடு கலந்து உருகியதுபோல இருந்தன. அந்தப் பகுதியின் ஆர்லிங்டன் தீயணைப்புத் துறை அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அறிவித்தது.

சரி, அப்பா சொல்லிவிட்டார் என்பதற்காக நான் அப்படியே ஏற்கவில்லை. கம்பி காணாமல் போவதற்கு வேறு நியாயமான காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

முதல் சந்தேகம் வாட்ஸாப் மேல். அது படத்தை அனுப்பும்போது சுருக்கி நசுக்கும். வானத்துக்கு எதிரே மெல்லிய கம்பி இருந்தால் விட்டு விட்டுப் புள்ளியாகத் தெரியும், சில இடத்தில் முழுதாகவே மறையும். ஆனால் அப்படி அறுந்த துண்டுகள் ஒரே தொய்வில்தான் கிடக்கும். கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கி, ஒரு நூலைத் தொய்வாகப் பிடித்துப் பார்த்தேன். மற்ற மூன்று கம்பிகளிலும் அறுந்த துண்டுகள் நூலோடு ஒத்துப்போயின. நாலாவது கம்பிக்கு வலது பக்கம் ஒரு துண்டுகூட இல்லை. அந்தப் பக்கத்து வானம் சுத்தம்.

அடுத்தது பனோரமா. போனைச் சுற்றிக்கொண்டே எடுக்கும் படத்தில் ஒட்டும் இடம் பிசகினால் கம்பி அறுந்துதான் தெரியும். ஆனால் அந்தப் பிசகு மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் வரும். கம்பி தவறினால் அதற்கு நேர் கீழே மதில் சுவரும் கொஞ்சம் தவறியிருக்கும். இங்கே சுவர் பிசிறில்லாமல் நேராக ஓடியது.

மூன்றாவதுதான் என்னைத் தயங்க வைத்தது. மங்கலான உண்மைப் படத்தைத் ‘தெளிவாக்கும்’ செயலிகள் இருக்கின்றன. அதில் போட்டு எடுத்தால் முகம் மெழுகுபோல ஆகும், பலகை எழுத்து கிறுக்கலாகும், மெல்லிய கம்பி துடைத்தெடுத்ததுபோலப் போகும். யாரோ ஒருவர் நிஜமாகவே கம்பத்தில் ஏறியிருந்து, படத்தை மட்டும் யாரோ ‘அழகு’ பண்ணியிருக்கலாம். வெறும் படத்தை வைத்துக்கொண்டு இதை முழுதாக ஒதுக்கிவிட முடியாது. இன்சுலேட்டரில் உட்காராமல் மிதக்கும் மற்ற மூன்று கம்பிகள்தான் தராசை ஒரு பக்கம் சாய்த்தன. அசல் லைனில் கம்பி இன்சுலேட்டரின் பள்ளத்தில் உட்கார்ந்து, கட்டுக் கம்பியால் கட்டப்பட்டிருக்கும். தெளிவாக்கும் செயலி கம்பியை அழிக்கலாம். மூன்று கம்பிகளையும் தூக்கி நகர்த்தி வைக்காது.

அதனால்தான் அப்பா எழுதிய அந்தப் ‘பெரும்பாலும்’ சரியான சொல். “நிச்சயமாகப் போலி” என்று எழுதும் ஆட்களை நான் நம்புவதில்லை, எங்கள் தொழிலிலும் அப்படிச் சிலர் உண்டு. 2024இல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற புகைப்படக்காரர், தலையே இல்லாததுபோல் நிற்கும் ஒரு ஃபிளமிங்கோ பறவையின் படத்தை, இயந்திரம் உண்டாக்கும் படங்களுக்கான போட்டிப் பிரிவுக்கு அனுப்பினார். பரிசும் கிடைத்தது. அது அவர் கேமராவில் எடுத்த அசல் படம். பறவை தலையை வளைத்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அவரே உண்மையைச் சொன்னதும் படத்தை நீக்கிவிட்டார்கள். பார்க்க வினோதமாக இருப்பது சான்று ஆகாது.

அப்பாவின் பட்டியலில் ஒன்றை நான் அடித்துவிடுவேன்: தண்ணீரில் கம்பத்தின் நிழல் இல்லை என்பது. குளத்துத் தண்ணீர் என்றால் சரி. கலங்கி ஓடும் வெள்ளம் கண்ணாடி மாதிரி பிம்பம் காட்டாது. போனில் சொன்னபோது, “ஆமா, செம்மண் தண்ணி” என்று உடனே ஒத்துக்கொண்டார்.

படத்துக்குள் பார்த்து முடித்த பிறகு வெளியே தேடினேன். கூகுள் லென்ஸில் போட்டால் நிறையப் பிரதிகள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெட்டு. எனக்குக் கிடைத்ததில் பழையது, கண்ணீர் வரவழைக்கும் படங்களை மட்டுமே போடும் ஒரு பக்கத்தில் இருந்தது. அதே பக்கத்தில் இதே வெள்ளம், இதே வெளிச்சம், வேறு வேறு தியாகிகள். அந்தக் கம்பத்தை வேறு கோணத்தில் எடுத்த படம் ஒன்றும் இல்லை. பத்துப் பேர் நின்று போனில் எடுக்காத வெள்ளத்தை நான் பார்த்ததில்லை. படத்தோடு ஒட்டி வரும் தேதி, கேமரா விவரங்களைத் தேடுவது இங்கே வீண் வேலை, வாட்ஸாப் வழியாக வந்தால் அசல் படத்திலும் அவை இருக்காது. போலியைக் கண்டுபிடிக்கும் தளங்களில் போட்டுப் பார்க்கலாமே என்று தம்பி கேட்டான். போட்டேன். வந்த கோப்புக்கு ஒரு பதில், அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் வேறு பதில். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்குள் மாமா வேறு மூன்று குரூப்புகளில் படத்தை அனுப்பியிருந்தார். நல்ல மனிதர், தப்பு தெரிந்ததும் அப்பாவின் மெசேஜை அங்கெல்லாம் அனுப்பினார், படம் இல்லாமல். ‘எந்தக் கம்பி?’ என்று பத்துப் பேர் கேட்டார்கள். பேச்சுக்கு நடுவே படம் மேலே போய்விட்டிருந்தது. விளக்கம் தனியாக, படம் தனியாகப் போனால் இப்படித்தான் ஆகும். அதனால் அந்தப் படத்தின் மேலேயே நாலாவது கம்பி முடியும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, குறுக்கே கொட்டை எழுத்தில் ‘பெரும்பாலும் போலி’ என்று எழுதி அனுப்பச் சொன்னேன். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

ரெண்டு நாள் கழித்து மாமா தன் தெருமுனைக் கம்பத்தைப் படம் எடுத்து அனுப்பினார். “அத்தான், இதுல அஞ்சு வருது, நாலுதான் போகுது. இதுவும் போலியா?”

அப்பா பெருசு பண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

“அது தெருவிளக்குக் கம்பி மாப்ளே. அதோட கடைசி கம்பம் அது. முடியுற இடத்துல இன்சுலேட்டர் வச்சு இழுத்துக் கட்டியிருக்கு பாருங்க.”