நம்பிக்கைப் பட்டை: ஒரு சொல்லும் ஒரு கடிதமும்

மண்டபத்திலிருந்து என் ஆய்வு மாணவி எழுதியிருந்தாள்:

"ஐயா, வணக்கம். வடகடல் நண்டு, தென்கடல் நண்டு இரண்டின் ஓட்டு அகலத்தையும் மாதவாரியாக வரைந்துவிட்டேன். தை மாதத்தில் இரண்டு கோடுகளின் நம்பிக்கைப் பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அப்படியென்றால் வேறுபாடு இல்லை என்றுதானே பொருள்? ஆனால் புள்ளியியல் சோதனை போட்டுப் பார்த்தால் வேறுபாடு உண்டு என்று வருகிறது. எதை நம்புவது?"

வடகடல் என்பது பாக் விரிகுடா, தென்கடல் என்பது மன்னார் வளைகுடா. அவள் அளப்பது நீலக்கால் நண்டு. முள் நுனியிலிருந்து முள் நுனிவரை, காலிப்பர் வைத்து. நம்பிக்கைப் பட்டை என்பது, உண்மையான சராசரி எங்கிருந்து எங்குவரை இருக்கக்கூடும் என்று காட்ட வரைபடக் கோட்டின் இருபுறமும் தீட்டும் நிழல். கணக்கில் தவறில்லை. குழப்பம் பாதி சொல்லில் இருக்கிறது, அதனால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

'நம்பிக்கை' என்பதைக் கலைச்சொல்லாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன். 1934-இல் லண்டன் அரச புள்ளியியல் கழகத்தில் கட்டுரை படித்தபோது 'கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்' என்றார். கேட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்துப் புள்ளியியலாளர் ஆர்தர் பௌலி, இந்தக் 'கான்ஃபிடன்ஸ்' நம்பவைத்து ஏமாற்றும் வித்தையாக இருக்குமோ என்று கிண்டலாகச் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் நியாயமானதே. 95 விழுக்காடு நம்பிக்கை என்றால் ஆய்வாளர் மனத்தில் உள்ள நம்பிக்கை அல்ல, அது முறையின் தரம். ஒரே விதமாக நூறு முறை நண்டு பிடித்து நூறு இடைவெளிகள் கணக்கிட்டால், அவற்றில் ஏறத்தாழ 95 உண்மையான சராசரியை வளைத்துப் பிடித்திருக்கும். இங்கே நண்டு நகர்வதில்லை, வலைதான் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகிறது.

தமிழில் நம் பாடநூல்கள் 'நம்பிக்கை இடைவெளி' என்கின்றன. 'நம்பிக்கை' எனக்குச் சம்மதமே. 'நம்பகம்' என்று மாற்றினால் 'நம்பகத்தன்மை' என்ற வேறொரு கலைச்சொல்லோடு முட்டும். (தொல்காப்பியத்தில் 'நம்பு' என்ற உரிச்சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள். விரும்பியதை வரைபடத்தில் பார்க்கும் ஆய்வாளர்களுக்கு அதுவும் பொருந்தும்தான்!) எனக்கு நெருடுவது 'இடைவெளி'. பேச்சில் அது காலியாகக் கிடக்கும் இடம். "இடைவெளிகள் படிகின்றன" என்றால் காதில் ஒட்டவில்லை. இலங்கைத் தமிழ்க் கணித நூல்கள் 'ஆயிடை' என்கின்றன. "வடவேங்கடம் தென்குமரி ஆயிடை" என்ற பாயிர வரியில் இருப்பதே இச்சொல். இரண்டு எல்லை சொல்லி, அவற்றுக்கு இடைப்பட்டது என்பதுதானே கணிதம் கேட்பதும்! ஒரு மாதத்துக்கான ஒற்றை வீச்சை 'நம்பிக்கை ஆயிடை' என்றும், அவற்றைத் தொடுத்துக் கோட்டின் இருபுறமும் நிழலாகத் தீட்டுவதை 'நம்பிக்கைப் பட்டை' என்றும் சொல்லலாம்.

சரி, அவள் கேள்விக்கு வருவோம். தை மாதத்தில் இரு கடலிலும் 49 நண்டுகள் வீதம் அளந்திருக்கிறாள். வடகடல் சராசரி 118 மில்லிமீட்டர், தென்கடல் 124. இரண்டுக்கும் திட்டப்பிழை, அதாவது மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு ஆடும் என்பதன் அளவு, 2. தோராயமாக அதன் இருமடங்கை இருபுறமும் வைத்தால் வடகடல் ஆயிடை 114 முதல் 122 வரை, தென்கடலுக்கு 120 முதல் 128 வரை. 120-க்கும் 122-க்கும் நடுவே படிகின்றன.

ஆனால் நாம் கேட்பது வேறுபாட்டைப் பற்றி. அது 6 மில்லிமீட்டர். அதன் திட்டப்பிழை 2-உம் 2-உம் சேர்ந்த 4 அல்ல. பட்டைகள் படிகின்றனவா என்று கண்ணால் பார்க்கும்போது, நமக்கே தெரியாமல் 4 என்று கூட்டிவிடுகிறோம். வடகடல் மாதிரி தற்செயலாக மிகக் குறைவாகவும், அதே மாதம் தென்கடல் மாதிரி மிக அதிகமாகவும் அமைவது அரிது. அதனால் பிழைகளை வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்: 4 + 4 = 8, அதன் வர்க்கமூலம் 2.83. இருமடங்கு 5.66. வேறுபாட்டின் ஆயிடை 0.34 முதல் 11.66 வரை. சுழியம் அதற்குள் இல்லை, சோதனை சொன்னது சரி. ஆனால் மயிரிழையில்தான், 0.34 மில்லிமீட்டரை ஏலக்காரர் யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை.

பட்டைகள் படியாமல் விலகி நின்றால் அந்த மாதம் வேறுபாடு உண்டு என்று துணியலாம். ஒன்றின் நடுக்கோடே மற்றதன் பட்டைக்குள் விழுந்தால் வேறுபாட்டைக் காட்ட முடியவில்லை என்று எழுதலாம். ஓரங்கள் மட்டும் படியும்போது கண்ணை நம்பக்கூடாது. இதெல்லாம் இரு மாதிரிகளும் தனித்தனியாக எடுக்கப்பட்டிருந்தால்தான். அப்புறம், பன்னிரண்டு மாத ஆயிடைகளைத் தொடுத்த பட்டையை ஒட்டுமொத்தமாகவும் 95 விழுக்காடு என்று சொல்லக்கூடாது. மாதங்கள் ஒன்றையொன்று சாராதவை எனில், பன்னிரண்டும் ஒருசேர உண்மையை வளைத்துப் பிடிக்கும் வாய்ப்பு 54 விழுக்காடுதான்.

இரண்டு பட்டைகள் உள்ள படத்தைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டு, வேறுபாட்டுக்கு ஒரே கோடும் ஒரே பட்டையும், குறுக்கே சுழியக் கோடும் வரையச் சொல்லிப் பதில் எழுதினேன். படத்தின் கீழே 'மாதந்தோறும் தனித்தனியாகக் கணக்கிட்ட 95 விழுக்காடு நம்பிக்கை ஆயிடைகள்' என்று போடச் சொல்லியிருக்கிறேன்.