பி.பி.எஃப். கடன்: ஒரு சதவீத வட்டிக்குப் பின்னால் உள்ள கணக்கு

பொது வருங்கால வைப்பு நிதியில், அதாவது பி.பி.எஃப். கணக்கில், போட்ட பணத்தின் மேல் கடன் வாங்கினால் ஆண்டுக்கு ஒரு சதவீதம்தான் வட்டி. வேறு எங்கும் இவ்வளவு மலிவாகக் கடன் கிடைக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு சதவீதம் செலவின் சிறிய பகுதி மட்டுமே. கடனாக எடுக்கும் தொகை கணக்கின் இருப்பிலிருந்தே கழிகிறது. அது திரும்பி வரும்வரை அந்தத் தொகைக்கு பி.பி.எஃப். வட்டி சேராது. 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த விகிதத்தில் இழக்கும் 7.1, கையிலிருந்து கட்டும் 1, இரண்டும் சேர்ந்து 8.1 சதவீதம். இழப்பது வரியில்லா வட்டி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மோசமான கடன் இல்லை. ஆனால் ஒரு சதவீதக் கடனும் இல்லை.

சம்பளத்தில் பிடிக்கும் இ.பி.எஃப். வேறு. அதில் ‘அட்வான்ஸ்’ என்று எடுப்பதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அது பெயரளவில் அட்வான்ஸ், நடப்பில் பணம் எடுத்தல்தான். இங்கே சொல்வது பி.பி.எஃப். பற்றி மட்டும்.

எப்போது கடன், எப்போது பணம் எடுத்தல் என்பதை விதியே பிரித்து வைத்திருக்கிறது. கணக்குத் தொடங்கிய நிதியாண்டை முதல் ஆண்டு என்று கொண்டால், மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு முடியும்வரை கடன் வாங்கலாம். ஏழாம் ஆண்டிலிருந்து கடன் கிடையாது, பகுதித் தொகையை எடுக்கலாம். ஆகவே ‘கடனா, எடுப்பதா’ என்ற கேள்வி உண்மையில் எழுவது ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான். மார்ச்சில் கேட்டால் கடன், ஏப்ரலில் கேட்டால் பணம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திறந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் 1,00,000 ரூபாய் போடப்படுகிறது. வட்டி 7.1 சதவீதமாகவே நீடித்தால், எதையும் தொடாமல் விட்டால், 2036 மார்ச் 31 அன்று இருப்பு 30,11,801 ரூபாய். இந்தக் கணக்குக்காரருக்கு 2026 மார்ச்சில் 80,000 ரூபாய் தேவைப்படுகிறது.

கடன் வரம்பு, விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய இரண்டாம் ஆண்டின் முடிவில் இருந்த இருப்பில் 25 சதவீதம். 2025-26இல் கேட்பதால் 2024 மார்ச் 31 இருப்பைப் பார்க்க வேண்டும். அது 4,76,223 ரூபாய். கால் பங்கு சுமார் 1,19,000. எனவே 80,000 தாராளமாகக் கிடைக்கும். இன்றைய இருப்பை நான்கால் வகுத்துவிட்டு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பெறுவது இந்த விதியால்தான்.

கடன் மார்ச் 20 அன்று கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி கணக்கிடப்படும். ஆக மார்ச் மாதம் முழுவதற்கும் 80,000க்கான வட்டி, 473 ரூபாய், போய்விடும். பத்து நாள் பணம் கையில் இருந்ததற்கு ஒரு மாத வட்டி. கடன் காலத்துக்குள் இன்னும் மாதங்கள் மிச்சம் இருப்பவர்கள் அடுத்த மாதம் 1ஆம் தேதி வாங்கினால் இதைத் தவிர்க்கலாம். இவரால் முடியாது, ஏனென்றால் ஏப்ரல் 1 அன்று கடனுக்கான காலம் முடிந்திருக்கும்.

2028 ஏப்ரல் 3 அன்று அசலை ஒரே தவணையில் கட்டிவிடுகிறார். கடன் வட்டி, வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து அசல் முடியும் மாதத்தின் கடைசி நாள் வரை ஓடும். 25 மாதங்களுக்கு 1,667 ரூபாய். அதை அதிகபட்சம் இரண்டு மாதத் தவணைகளில் தனியாகக் கட்ட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் சேராமல் போன பி.பி.எஃப். வட்டி 12,306 ரூபாய். அடுத்த எட்டு ஆண்டுகளும் அந்தத் தொகைக்கு வட்டி சேர்ந்திருக்கும் என்பதால், முதிர்வில் அதுவே 21,303 ரூபாய்க் குறைவாகத் தெரியும். கடைசித் தொகை 29,90,498.

அதே 80,000ஐ 2026 ஏப்ரல் 1 அன்று பணமாக எடுத்து, திருப்பிப் போடாமலே விட்டால் முதிர்வுத் தொகை 28,52,952 ரூபாய். குறைவு 1,58,849. பத்தாண்டில் 80,000 ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்க வேண்டியது, அது நடக்கவில்லை.

இதை வைத்துக் கடனே மேல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம் கடனால் வந்தது இல்லை, பணம் திரும்பி வந்ததால் வந்தது. இவர் ஆண்டுக்கு ஒரு லட்சம்தான் போடுகிறார். உச்சவரம்பு ஒன்றரை லட்சம். எனவே பணமாக எடுத்தாலும் 2027 ஏப்ரலில் 40,000, 2028 ஏப்ரலில் 40,000 என்று கூடுதலாகப் போட்டு ஈடுகட்டலாம். அப்படிச் செய்தால் முதிர்வில் குறைவு 15,447 ரூபாய் மட்டுமே, ஒரு சதவீத வட்டியும் கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவருக்கு அந்தக் கூடுதல் தொகை சேமிப்புக்கான வருமான வரிக் கழிவிலும் சேரும்; கடன் தவணை சேராது.

ஆனால் ஏற்கெனவே ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் போடுகிறவருக்கு இந்த வழி அடைபட்டது. எடுத்த பணத்தைத் திரும்பப் போட அவருக்கு இடமே இல்லை. கடன் தவணை சந்தா ஆகாது என்பதால் அது வரம்புக்குள் வராது. அவருக்கு மட்டும் கடன் உண்மையிலேயே பணம் எடுத்தலைவிட மேலானது. வரம்புக்குக் கீழே போடுகிறவருக்குக் கடனின் பயன் ஒன்றுதான்: கட்டாவிட்டால் தண்டனை உண்டு என்பதால் கட்டிவிடுவார்.

அந்தத் தண்டனை சின்னது இல்லை. கடன் தந்த மாதத்துக்கு அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து 36 மாதங்கள் அவகாசம். இவருக்கு 2029 மார்ச் 31 வரை. அதற்குள் அசல் முடியாவிட்டால், மிச்சம் இருக்கும் தொகைக்கு வட்டி 6 சதவீதம். அதுவும் கெடு முடிந்த நாளிலிருந்து இல்லை, தொடக்கத்திலிருந்தே. எதையுமே கட்டாமல் இருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு 2,400 என்பது 14,400 ஆகிவிடும். இழக்கும் 7.1ஐயும் சேர்த்தால் செலவு 13.1 சதவீதம், அதற்கு வேறு இடத்தில் கடன் வாங்கியிருக்கலாம்.

விண்ணப்பம் எளிது. படிவம் 2, பாஸ்புக்குடன் கணக்கு இருக்கும் வங்கியிலோ தபால் அலுவலகத்திலோ கொடுத்தால் போதும். ஆண்டுக்கு ஒரு கடன்தான். முந்தையது முடியாமல் அடுத்தது இல்லை. ஏதாவது ஓர் ஆண்டில் குறைந்தபட்ச 500 ரூபாய் போடாமல் கணக்கு முடங்கியிருந்தால் கடனும் கிடைக்காது. விட்டுப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டி முதலில் உயிர்ப்பிக்க வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கட்டும்போது. செலுத்துச் சீட்டில் ‘கடன் அசல்’ என்று குறிப்பிடாமல் பணம் கட்டினால் அது சாதாரண சந்தாவாக வரவாகிவிடலாம். பாஸ்புக்கில் இருப்பு ஏறியிருக்கும், கடன் அப்படியே நிற்கும். ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு வட்டியும் கிடையாது. ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் பாஸ்புக்கில் அந்த வரவு எந்தத் தலைப்பில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அசல் முடிந்தபின் வட்டித் தொகையைக் கேட்டு வாங்கித் தனியாகக் கட்ட வேண்டும். கட்டாத வட்டி கணக்கிலிருந்தே கழிக்கப்படும்.