பில்லிங்கிலிருந்து பர்ச்சேஸுக்கு மாறுகிறவர் எழுத வேண்டிய ஒப்படைப்பு மெயில்

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் பில்லிங் பார்த்தவர் பர்ச்சேஸுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அனுப்பும் மெயில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஃபைல் எல்லாம் டெஸ்க்டாப்பில் இருக்கு. ஒரு பில் திருத்தணும். சந்தேகம்னா கூப்பிடுங்க." புதிதாக உட்காருபவருக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

எச்சரிக்கைகளைக் கடைசியில் போடுவது வழக்கம். என்னைக் கேட்டால் மெயிலின் முதல் பத்தியே அதுதான். இந்த ஊருக்கென்றே உள்ள எச்சரிக்கை புதுச்சேரி பார்ட்டிகள். பாகூர் கூப்பிடு தூரம். அந்தப் பக்கத்துப் பின்கோடும் கடலூரைப் போலவே 607 என்று தொடங்கும். ஆனால் ஜிஎஸ்டிக்கு அது வெளிமாநிலம். ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கினால் புதுச்சேரி, 33 என்றால் தமிழ்நாடு. 34-க்கு அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி போட வேண்டும். டாலியில் பழைய லெட்ஜரைக் காப்பி செய்து புதுப் பார்ட்டியைத் திறக்கும்போது மாநிலம் தமிழ்நாடு என்றே நின்றுவிடும். தப்பு பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. இ-வே பில்லிலும் இதே சிக்கல். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரை பொதுவாகத் தேவையில்லை; எல்லை தாண்டினால் 50,000-க்கு மேலேயே வேண்டும். நெய்வேலிக்கு 72,000 ரூபாய் லோடு இ-வே பில் இல்லாமல் போகலாம், பாகூருக்குப் போக முடியாது.

பாக்கி வேலையை எழுதும்போது அது எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரிய வேண்டும். மேலே சொன்ன "ஒரு பில் திருத்தணும்" இப்படி இருக்கலாம்:

"பாகூர் பார்ட்டி, பில் எண் 214, ரூ.72,000. ஐஜிஎஸ்டிக்குப் பதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி விழுந்திருக்கிறது. பார்ட்டியிடம் சொல்லியாயிற்று, அவர்கள் இன்னும் பணம் போடவில்லை. கிரெடிட் நோட், புது பில் இரண்டும் போடவில்லை. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 போவதற்குள் முடிக்கணும். ரிட்டர்ன் போய்விட்டால் ஆடிட்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்."

அந்தக் கடைசி வரி வெறும் பயமுறுத்தல் இல்லை. தப்பான தலைப்பில் வரி கட்டிவிட்டால், சரியான வரியைத் தனியாகக் கட்டி, முன்பு கட்டியதை ரீஃபண்டாகக் கேட்க வேண்டிவரும்.

ஃபைல் இருக்குமிடத்தை முழுப் பாதையாகக் கொடுங்கள்:

```
\\SERVER\Accounts\GST\2025-26\Sales
```

டெஸ்க்டாப்பில் இருப்பதை முதலில் இங்கே மாற்றிவிட்டு மெயில் எழுதுங்கள். கம்ப்யூட்டரும் உங்களோடு பர்ச்சேஸுக்குப் போய்விட்டால் ஃபைலும் போய்விடும். தொடர்பு எண்களுக்குப் பக்கத்தில் யாரை எதற்குக் கூப்பிடுவது என்று ஒரு வரி போதும்.

பாஸ்வேர்டை மெயிலில் எழுத வேண்டாம். எழுதினாலும் பயனில்லை, இ-வே பில் தளத்தில் நுழைய ஓடிபி வேண்டும். அது உங்கள் போனுக்கு வரும், லோடு வண்டி கேட்டில் நிற்கும். புதியவர் பெயரில், அவர் மொபைல் எண்ணோடு ஒரு சப்-யூசர் திறக்கச் சொல்லுங்கள். அவர் அதில் புதுச்சேரிக்கு ஒரு பில்லைத் தானே போட்டுப் பார்த்த பிறகு உங்கள் ஐடியை முடக்கலாம்.