பொல்சோவர் வாக்காளர் இடதா, வலதா?

இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் உள்ள பொல்சோவர், நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த ஊர்களைக் கொண்ட தொகுதி. 1950இல் உருவாக்கப்பட்ட நாள்முதல் தொழிற்கட்சியின் கையிலேயே இருந்துவந்த அத்தொகுதியில், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான டென்னிஸ் ஸ்கின்னர் 1970 முதல் தொடர்ந்து வென்றுவந்தார். 2019 டிசம்பர் தேர்தலில் அவர் கன்சர்வேட்டிவ் வேட்பாளரிடம் தோற்றார். அந்தத் தொகுதி வலதுபக்கம் சாய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே வாக்காளர்களிடம் முதலாளிகளைப் பற்றியோ செல்வப் பங்கீட்டைப் பற்றியோ கேட்டிருந்தால், அவர்களில் பலர் பழைய இடதுசாரிப் பதில்களையே தந்திருப்பார்கள்.

இடது, வலது என்னும் பிரிப்பு 1789இல் பிரெஞ்சு தேசிய அவையில் பிறந்தது. மன்னரின் தடுப்பதிகாரத்தை ஆதரித்தவர்கள் அவைத்தலைவருக்கு வலப்புறமும், எதிர்த்தவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள். ஒரே கேள்வியின் மீது பிரிந்தவர்களைக் குறிக்க ஒரு கோடு போதும். பொருளாதாரம், தண்டனை, மரபு, குடியேற்றம் எனப் பல கேள்விகளையும் அதே கோட்டில் ஏற்ற வேண்டுமானால், ஒரு கேள்விக்கான விடையைக் கொண்டு மற்றதன் விடையை ஊகிக்க முடியவேண்டும். அரசியலில் ஊறிய சிறுபான்மையினரிடம் இந்த ஊகம் ஓரளவு பலிக்கிறது. பொதுமக்களிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

இதனால்தான், 1983இல் தொடங்கிய பிரித்தானிய சமூக மனப்பான்மை ஆய்வு இரண்டு தனித்தனி அளவுகோல்களைப் பயன்படுத்தியது. முதலாவது பொருளாதார அளவுகோல்: 'வசதி படைத்தோரிடமிருந்து குறைந்த வசதியுடையோருக்கு அரசு வருமானத்தை மறுபங்கீடு செய்யவேண்டும்', 'பணக்காரருக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டம்' என்பன போன்ற ஐந்து கூற்றுகள். இரண்டாவது பண்பாட்டு அளவுகோல்: 'சில குற்றங்களுக்கு மரணதண்டனையே பொருத்தமானது', 'அதிகாரத்துக்குக் கீழ்ப்படியப் பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவேண்டும்' என்பன போன்ற ஆறு கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 'முழுமையாக உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து விடைகள் உண்டு. முதல் அளவுகோலில் 1 என்பது இடது எல்லை, 5 வலது எல்லை. இரண்டாவதில் 1 தாராளப் போக்கின் எல்லை, 5 கட்டுப்பாட்டை விரும்பும் போக்கின் எல்லை. ஒருவரின் விடைகளின் சராசரியே அவருடைய மதிப்பெண்.

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் பொருளாதாரக் கூற்றுகளில் 1, 2, 2, 2, 1 என எண் பெறுகிறார், சராசரி 1.6. பண்பாட்டுக் கூற்றுகளில் 5, 5, 5, 4, 4, 4, சராசரி 4.5. லண்டனில் தொழில்புரியும் இளம் வழக்கறிஞருக்குப் பொருளாதாரத்தில் 4.0, பண்பாட்டில் 2.0. இந்த இரண்டு எண்களையும் கலந்து ஒற்றைக் கோட்டில் வைத்தால் தொழிலாளி 3.05இலும், வழக்கறிஞர் 3.0இலும் நிற்பார்கள். ஏறத்தாழ எதிலுமே ஒத்துப்போகாத இருவர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் 'நடுநிலையாளர்கள்' ஆகிவிடுகிறார்கள். இரண்டு அச்சுகள் கொண்ட வரைபடத்திலோ அவர்கள் எதிரெதிர் மூலைகளில் இருக்கிறார்கள்.

பொல்சோவரில் நடந்ததை இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய பொதுவாக்கெடுப்பில் பொல்சோவர் மாவட்டத்தில் சுமார் 70 விழுக்காட்டினர் விலகலுக்கு வாக்களித்தார்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், விலக விரும்பியோரும் தங்க விரும்பியோரும் பொருளாதார அச்சில் பெரிதாக வேறுபடவில்லை. பண்பாட்டு அச்சில் தெளிவாக வேறுபட்டார்கள். ஆக, வாக்காளர் தம் இடத்தைவிட்டு அதிகம் நகராமலே கட்சி மாற இடமிருந்தது: தேர்தலில் எந்த அச்சு கனமாகிறது என்பது மாறியதே போதுமானது. வரைபடம் இந்தக் கனத்தைக் காட்டுவதில்லை. எந்தப் பிரச்சினை தமக்கு முக்கியம் என்று வாக்காளரிடம் தனியாகக் கேட்டுத்தான் அதை அறியமுடியும்.

அளவுகோல்களிலேயே ஒரு குறையும் இருந்தது. எனக்கு இந்த முறையில் மிகவும் சுவையான பகுதி அதுதான். ஐந்து பொருளாதாரக் கூற்றுகளும் இடதுசாரிச் சாய்வில் எழுதப்பட்டவை. ஆறு பண்பாட்டுக் கூற்றுகளும் கட்டுப்பாட்டுச் சாய்வில் எழுதப்பட்டவை. கேள்வியைச் சரியாக யோசிக்காமல் எதற்கும் 'ஆமாம்' என்று தலையாட்டும் பழக்கமுள்ள ஒருவர், உண்மையில் எந்தக் கருத்தும் இல்லாமலே, அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மூலையில் போய் விழுவார். அந்த மூலை இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க, பங்கேற்போரைக் குலுக்கல் முறையில் இரு பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதியிடம் 'அரசு மறுபங்கீடு செய்யவேண்டும்' என்றும், மறுபாதியிடம் 'மறுபங்கீடு அரசின் வேலையல்ல' என்றும் கேட்கலாம். தலையாட்டும் பழக்கம் இல்லையென்றால், முதற்பாதியில் உடன்பட்டோரின் விகிதமும் மறுபாதியில் மறுத்தோரின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். முதலாவது எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதில் பெரும்பகுதியை வெறும் தலையாட்டலின் கணக்கில்தான் எழுதவேண்டும்.