குளோரின் அளவு சரியாக இருந்தும் நீச்சல் குளம் ஏன் பாசி பிடிக்கிறது?

சென்ற கோடையில், சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பார்க்க அழைத்திருந்தார்கள். 14 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம் கொண்ட அந்தக் குளத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீர் இருந்தது. படிக்கட்டின் ஓரத்தைத் தொட்டால் வழுக்கியது. மூலைகளில் இளம்பச்சை ஏறியிருந்தது. பராமரிப்பாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். "தினமும் குளோரின் ரெண்டு காட்டுது சார், அப்படியும் பாசி போக மாட்டேங்குது" என்றார். அவர் எழுதியிருந்தது உண்மைதான். நான் சோதித்தபோதும் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம், காட்டியது. ஆனால் பதிவேட்டில் பி.எச். எழுதவேண்டிய கட்டம் மூன்று வாரமாகக் காலியாக இருந்தது. அதைச் சோதிக்கும் பீனால் ரெட் கரைசல் தீர்ந்துபோய், யாரும் வாங்கவில்லை. என் மீட்டரில் பி.எச். 8.2 என்று வந்தது.

நீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம்; மற்றொன்று, அந்த அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியை இழந்தபின் எஞ்சும் ஹைப்போகுளோரைட் அயனி. அமிலத்துக்கு மின்னூட்டம் இல்லாததால் அது நுண்ணுயிரின் சுவரைக் கடந்து எளிதில் உள்ளே போய்விடுகிறது. அயனிக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. நுண்ணுயிரின் புறப்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் அது விலக்கப்படுகிறது. எனவே கிருமிகளைக் கொல்லும் வேலையில் பெரும்பகுதியை அமிலமே செய்கிறது.

இவ்விரண்டில் எது எவ்வளவு இருக்கும் என்பதைப் பி.எச். தீர்மானிக்கிறது. 7.5 அளவில் இரண்டும் சரிபாதி. 7.2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு அமிலம், 7.8 என்றால் மூன்றில் ஒரு பங்கு, 8.2 என்றால் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. ஆக, அந்தக் குளத்தில் இருந்த 2 பிபிஎம்மில் வேகமாக வேலை செய்யக்கூடியது 0.33 பிபிஎம்தான். அதே 2 பிபிஎம் 7.2 அளவில் இருந்திருந்தால் 1.33 கிடைத்திருக்கும், அதாவது நான்கு மடங்கு.

இந்த வேறுபாட்டைக் குளோரின் சோதனை காட்டாது. அந்தச் சோதனைக்குப் போடும் டிபிடி மாத்திரையில் உள்ள தாங்கல் உப்பு, சோதனைக் குழாயில் இருக்கும் நீரின் பி.எச்.ஐ 6.5 அளவுக்குக் கொண்டுவந்து, குளோரினில் பெரும்பகுதியை அமிலமாகவே மாற்றிவிடுகிறது. குழாயில் தெரியும் இளஞ்சிவப்பு இரண்டு வடிவங்களின் கூட்டுத்தொகையைக் காட்டுகிறதே தவிர, குளத்தில் இருந்த பங்கீட்டை அல்ல. பதிவேட்டில் நல்ல எண்ணும் படிக்கட்டில் பாசியும் ஒருசேர இருந்ததற்கு இதுவே காரணம்.

பச்சையைக் கண்டதும் அங்கே ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை மேலும் ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் திரவ ஹைப்போ கெடாமல் இருக்க அதில் காஸ்டிக் சோடா கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது, அதன் பி.எச். 12க்கு மேல். போதாக்குறைக்கு, குளத்தோரம் இருந்த செயற்கை அருவி, நீரில் கரைந்த கார்பன் டையாக்சைடைக் காற்றில் வெளியேற்றி, பி.எச்.ஐ நாள்தோறும் உயர்த்திக்கொண்டிருந்தது. 8.2 அளவிலேயே விட்டுவிட்டு 1.1 பிபிஎம் அமிலம் வேண்டுமென்றால், மொத்தக் குளோரினை 6.5 பிபிஎம்முக்கு மேல் வைத்திருக்க வேண்டும். 7.4க்குக் கொண்டுவந்தால் அதற்கு 2 பிபிஎம்மே போதும்.

நீரின் காரத்தன்மை, அதாவது பி.எச். இறங்குவதை எதிர்க்கும் திறன், 100 பிபிஎம் இருந்தது. அந்த நிலையில் ஒரு லட்சம் லிட்டரை 8.2இலிருந்து 7.4க்கு இறக்க, 30 முதல் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர் பிடிக்கும். குளத்தில் யாரும் இல்லாத இரவில், பம்பு ஓடும்போது, முதலில் பாதியை மட்டும் ஊற்றச் சொன்னேன். வாளியில் நீரை நிரப்பி அதில்தான் ஆசிட்டை ஊற்றவேண்டும்; ஆசிட்டில் நீரை ஊற்றக்கூடாது. ஹைப்போ பிடித்த வாளியையும் இதற்கு எடுக்கக்கூடாது. ஆசிட்டும் ஹைப்போவும் கலந்த கணமே குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சில் ஏறினால் நுரையீரலைப் புண்ணாக்கும். இந்த ஒன்றை மட்டும் நான் எங்கே போனாலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆறு மணி நேரம் கழித்துச் சோதித்துவிட்டு மீதியை ஊற்றினோம். மறுநாள் காலை பி.எச். 7.4. சுவரைத் தேய்த்து, வடிகட்டியைப் பின்னோட்டம் விட்டு, குளோரினை 2 பிபிஎம்மிலேயே வைத்தோம். நான்காம் நாள் மூலைகளில் பச்சை இல்லை. 7க்குக் கீழே இறக்கினால் இன்னும் நல்லதல்லவா என்று குடியிருப்பில் ஒருவர் கேட்டார். அப்படிச் செய்தால் சிமெண்டுப் பூச்சையும் உலோகக் குழாய்களையும் நீர் அரிக்கும், கண்களும் எரியும், எனவே 7.2க்கும் 7.6க்கும் நடுவில் வைத்திருப்பதே என் வழக்கம்.

இந்தக் கணக்கு, வெறும் ஹைப்போ பயன்படுத்தும் குளத்துக்கே பொருந்தும். குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் நீரில் விடும் டிசிசிஏ மாத்திரை போடும் குளங்களில் சயனூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே போய், குளோரினில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மேலே சொன்ன பங்குகள் அப்படியே அமையா. அங்கே சயனூரிக் அமிலத்தையும் தனியே அளக்கவேண்டும்.

அருவியை இப்போது சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும் ஓட்டுகிறார்கள். அப்படியும் திங்கட்கிழமை காலையில் பி.எச். 7.8ஐத் தொட்டுவிடுகிறது, அதனால் வாரத்துக்கு ஒருமுறை, ஹைப்போவைத் தொடும் முன், பீனால் ரெட் சொட்டுகளும் ஆசிட்டும்தான் முதலில் வெளியே வருகின்றன.