செயலாக்கத் தணிக்கை

'பெர்ஃபார்மன்ஸ் ஆடிட்' என்பதன் தமிழ் இது. அரசுப் பணம் விதிப்படி செலவானதா என்பதோடு நிற்காமல், செலவழித்ததற்குப் பலன் கிடைத்ததா என்றும் பார்க்கும் தணிக்கை.

'ஆடிட்' என்பது கேட்டலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கணக்கை ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் கேட்டுச் சரிபார்த்த காலத்துச் சொல். நம் 'தணிக்கை' உருது வழியாக வந்தது. தெலுங்கின் 'தனிகீ' அதன் உறவு. தனித்தமிழ் வேண்டுவோருக்கு இலங்கையில் வழங்கும் 'கணக்காய்வு' இருக்கிறது.

பலர் இதைச் 'செயல்திறன் தணிக்கை' என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைமைத் தணிக்கை நிறுவனங்களின் பன்னாட்டு அமைப்பு 1977இல் வெளியிட்ட லிமா பிரகடனம் தொட்டு, இந்தத் தணிக்கைக்கு மூன்று அளவுகோல்கள் சொல்லப்படுகின்றன: சிக்கனம், செயல்திறன், பயன்விளைவு. மூன்றில் ஒன்றின் பெயரை முழுமைக்கும் சூட்டினால் மற்ற இரண்டும் மறைந்துபோகும். 'செயலாக்கம்' மூன்றையும் அடக்கும்.

மாணவிகள் படிப்பை இடையில் நிறுத்தாமலிருக்க சைக்கிள் தரும் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் சைக்கிள் வாங்கினார்கள். தேவையான தரத்தில் நியாயமான விலைக்கு வாங்கினார்களா என்பது சிக்கனம். மலிவாக வாங்கிய சைக்கிளின் செயின் ஆறு மாதத்தில் அறுந்தால் அது சிக்கனமே ஆகாது. அப்புறம், செலவிட்ட பணத்துக்கும் ஆட்களுக்கும் ஏற்ற அளவில், உரிய நேரத்தில் வேலை நடந்ததா என்பது செயல்திறன். பள்ளி திறக்கும்போது தர வேண்டியது ஆண்டுத் தேர்வு நேரத்தில் வந்தால், அந்த ஆண்டு வீண்.

தடுமாற்றம் வருவது பயன்விளைவில்தான். 'ஆயிரம் சைக்கிளும் வழங்கப்பட்டன' என்று துறை பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடும். அது பணம் செலவானதற்குச் சான்று, படிப்பு தொடர்ந்ததற்கு அல்ல. அதனால் தணிக்கையர் இருப்புப் பதிவேட்டோடு பள்ளிக்குப் போகிறார். துறை அலுவலரையும் கூட வைத்துக்கொண்டு கிடங்கைத் திறக்கிறார். பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கியதாக உள்ள சைக்கிள்களில் சில பெடல்கூட மாட்டாமல் அங்கேயே நிற்கலாம். பிறகு மாணவிகளிடம் கேட்கிறார்: வீடு எவ்வளவு தூரம், யார் ஓட்டுகிறார்கள், இப்போதும் ஓடுகிறதா? பள்ளிக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைத்தது என்றால், திட்டத்தின் இலக்கே தவறிவிட்டது.

இடைநிற்றல் குறைந்திருந்தாலும் சைக்கிள்தான் காரணம் என்று உடனே எழுதிவிட முடியாது. அதே ஆண்டில் புதிய பேருந்து விட்டிருக்கலாம். அதனால் திட்டம் எட்டாத, மற்றபடி ஒத்த பள்ளிகளின் வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்படி ஒப்பிடப் பள்ளிகள் இல்லாவிட்டால், பயன்விளைவை உறுதிசெய்ய இயலவில்லை என்று அறிக்கையில் எழுதுவதே நேர்மை. சைக்கிள் கொடுப்பது நல்ல கொள்கையா என்ற கேள்விக்குள் தணிக்கையர் போவதில்லை. அது சட்டமன்றத்தின் வேலை.