திரையாக்கம்: நாவலுக்கு எதற்குத் ‘தகவமைப்பு’?

ஒரு நாவல் படமானால் ‘கல்கியின் நாவலின் தகவமைப்பு’ என்று எழுதுகிறார்கள். ‘சிறந்த தகவமைக்கப்பட்ட திரைக்கதை’ என்று விருதுச் செய்தியிலும் வருகிறது. அடாப்டேஷன் என்ற சொல்லை அகராதியில் தேடி, முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

மூலம் லத்தீன். ‘பொருத்தமான’ என்று பொருள்படும் ஆப்டுஸ் என்ற சொல்லிலிருந்து ‘ஒன்றுக்கு ஏற்பப் பொருத்துதல்’ என்ற வினை பிறந்தது. ஆங்கிலத்தில் உயிரியலுக்கும் கலைக்கும் அந்த ஒரே சொல் போதுமாக இருக்கிறது. தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தகவமைப்பு உயிரியலுக்கு நல்ல சொல். கள்ளியின் இலை முள்ளானது தகவமைப்பு. அதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பல தலைமுறைகளில் தானாக நடந்தது. நாவல் படமாகும்போது எதுவும் தானாக நடப்பதில்லை. எந்தப் பாத்திரம் இருக்கும், எது போகும், முடிவு எப்படி மாறும் என்று சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. வாசகருக்கு ஏமாற்றம் தருவதே அந்தத் தீர்மானம்தான் எனும்போது, அதை மறைக்கும் சொல்லை எப்படி ஏற்பது?

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். ஐந்து பாகம், 293 அத்தியாயம். 2022, 2023 ஆண்டுகளில் வந்த இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வருகிறது. ஒரு காட்சி பார்ப்பவர் மனத்தில் பதிய இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். ஆகவே எல்லா அத்தியாயத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுக்க முடியாது. அப்படி எடுத்தால் படம் கதைச்சுருக்கமாகிவிடும். ஓர் இழையை முழுதாக உருவித்தான் ஆகவேண்டும்.

உருவப்பட்டவள் மணிமேகலை. கடம்பூரில் வந்தியத்தேவன் மீது அவள் கொள்ளும் காதல், கரிகாலனைக் கொன்றது நானே என்று பழியை ஏற்பது, சித்தம் கலங்குவது, கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுவது என்று அவளுக்குக் குறைந்தது ஆறு காட்சி தேவை. இதில் ஒன்றை விட்டாலும் அவள் சாவுக்குக் கனம் இருக்காது. அவளைச் சேர்த்தால் கரிகாலன் சாவும் நந்தினி, கரிகாலன் இருவரின் விவகாரமாக மட்டும் நிற்காது. படம் அந்த இருவரையே நடுவில் வைத்தது. அந்தத் தேர்வு ஏற்புடையதா என்று வாதிடலாம். ஆனால் அது தேர்வு.

இன்னொன்று சேந்தன் அமுதன். நாவலில் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அவனே. அருள்மொழி தனக்கு வந்த மகுடத்தை அவன் தலையில் சூட்டுகிறான். இதைப் படமாக்க வேண்டுமென்றால் பிள்ளை மாறிய ரகசியத்தை முன்பே விதைத்துப் பின்னால் அவிழ்க்க வேண்டும். படம் ரகசியத்தை விட்டது, தியாகத்தை வைத்துக்கொண்டது: மகுடம், செம்பியன் மாதேவியின் மகனாக நாம் முதலிலிருந்து பார்க்கும் மதுராந்தகனுக்கே போகிறது. இங்கே ஒரு விலை உண்டு. அரியணைக்காகச் சதிக்கு உடன்பட்டவன் கடைசியில் அதைப் பெறத் தகுதியானவனாக மாறவேண்டும். அந்த மாற்றத்துக்குப் படத்தில் போதிய நேரம் இல்லை. நாவலைப் படிக்காதவருக்கும் முடிவு அவசரமாகத் தோன்றுவது இதனால்தான். வெட்டு சரியாக அமைந்ததா என்று பார்க்க வேண்டிய இடமும் இதுதான். எது காணாமல் போனது என்பதைவிட, போனது தாங்கியிருந்த சுமையை யார் தலையில் ஏற்றினார்கள், அவர் அதைத் தாங்கினாரா என்று பார்க்கவேண்டும்.

‘திரைவடிவம்’ என்ற சொல்லும் புழங்குகிறது. தகவமைப்பைவிடத் தேவலாம்; ஆனாலும் பொருள் அதுவே, வடிவம் மட்டும் வேறு என்று அது வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கை நம்பி அரங்குக்குப் போகிற வாசகர் மனம் வெதும்பித் திரும்புகிறார். ‘படமாக்கம்’ படப்பிடிப்புக்குப் போய்விட்ட சொல். ‘தழுவல்’ அழகான சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையைப் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்து சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயம் ஆக்கினாரே, அது தழுவல். ஊரும் பேரும் மாறுவது அதன் அடையாளம். கல்கியின் சோழநாடு படத்திலும் சோழநாடுதான்.

ஆகவே திரையாக்கம். ஆக்கம் என்றால் ஆக்கியவர் ஒருவர் உண்டு, பொறுப்பும் அவருடையது. இந்த நினைப்பு நமக்குப் புதிதும் அல்ல. முதல்நூல் ஒன்றைப் பின்பற்றி எழுதும் வழிநூலைத் தொல்காப்பியம் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று நான்காகப் பிரிக்கிறது. சிறுகதை படமானால் விரித்தல். பெருநாவல் படமானால் தொகுத்தல், அங்கங்கே தொகைவிரி. நான்கும் நூலாசிரியன் செய்யும் வினைகள். இவ்வளவு துல்லியமான பிரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர்கள் கள்ளிச்செடியின் சொல்லைக் கடன் வாங்குவது வருத்தமாக இருக்கிறது.

விருதுச் செய்தியில் ‘நாவல்வழித் திரைக்கதை’ என்று எழுதினால் போதும்.